மைனஸ் பதினெட்டு எங்கிருந்து வந்தது?

"சார், எனக்கு மைனஸ் பதினெட்டு வருது. எங்க தப்புன்னு தெரியல."

இரவு பத்து மணிக்கு ஒரு மாணவியிடமிருந்து வந்த செய்தி. கூடவே ஒரு புகைப்படம். பனிக்கட்டியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கும் வெப்பக் கணக்கு, புத்தகப் பக்கத்தோடு. மேசை விளக்கு வெளிச்சத்தில், ஒரு கையால் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு மறுகையால் எடுத்த படம். தைத்த மடிப்புப் பக்கம் வரிகள் வளைந்து இருட்டுக்குள் போகின்றன. ஓரத்தில் கட்டைவிரல். அவள் கணக்குப் போட்ட தாளைக் காணோம், கேள்வியும் அந்த மைனஸ் பதினெட்டும் மட்டும்தான்.

படத்தில் நான் படித்தது இது:

"100 கிராம் நிறையுள்ள தாமிரக் கலோரிமீட்டரில் 30 °C வெப்பநிலையில் 200 கிராம் நீர் உள்ளது. அதில் 10 °C வெப்பநிலையில் உள்ள 50 கிராம் பனிக்கட்டி இடப்படுகிறது. கலவையின் இறுதி வெப்பநிலை என்ன?"

கீழே தேவையான எண்கள். நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் 4200, பனிக்கட்டிக்கு 2100, தாமிரத்துக்கு 400. மூன்றுக்கும் அலகு ஜூல்/கிலோகிராம் கெல்வின். பனிக்கட்டி உருகுதலின் உள்ளுறை வெப்பம் 3.36 × 10 அடுக்கு ஏதோ ஒன்று, ஜூல்/கிலோகிராமில். அந்த அடுக்கு எண் மங்கிப்போய் 5 மாதிரியும் தெரிந்தது, 6 மாதிரியும் தெரிந்தது.

கணக்கைத் தொடுவதற்கு முன்னால் படத்தைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு இடங்களில் இயற்பியலே கைகொடுத்தது.

முதலாவது, 10 °C-ல் பனிக்கட்டி. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் அப்படி ஒன்று இருக்க முடியாது, 0 °C-க்கு மேல் போனால் அது பனிக்கட்டியாக நிற்காது. எனவே அந்த 10-க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருந்தே ஆக வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முந்தைய வரியின் கடைசியில், மடிப்பின் நிழலுக்குள், ஒரு சின்னக் கோடு ஒளிந்திருந்தது. அச்சில் குறி ஒரு வரியிலும் எண் அடுத்த வரியிலுமாகப் பிரிந்துவிட்டது.

இரண்டாவது, அந்த அடுக்கு எண். இதற்கு ஒரு எண்ணை நினைவில் வைத்திருந்தால் போதும்: 80. பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பத்தை நீரின் தன்வெப்ப ஏற்புத்திறனால் வகுத்தால் ஏறக்குறைய 80 வர வேண்டும். அடுக்கு 5 என்றால் 3,36,000-ஐ 4200-ஆல் வகுக்க, சரியாக 80. அடுக்கு 6 என்றால் 800, அது நடக்காது. ஆக அடுக்கு 5தான்.

அந்த 80 என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் இந்தக் கணக்கு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

வெப்பத்தைக் கொடுத்தால் ஒரு பொருளுக்கு இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, வெப்பநிலை ஏறும். அப்போது செலவாகும் வெப்பம்

Q = m c ΔT

நிறை, தன்வெப்ப ஏற்புத்திறன், எத்தனை டிகிரி மாறியது என்ற மூன்றின் பெருக்கல். இன்னொன்று, பொருள் நிலை மாறும். பனிக்கட்டி நீராகும்போது வெப்பநிலை அசையாது. 0 °C பனிக்கட்டி 0 °C நீராகிறது, அவ்வளவுதான். அங்கே ΔT இல்லை, அதனால் சூத்திரமும் வேறு:

Q = m L

வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்தச் செலவு கண்ணில் படாது. அதனால்தான் அந்த L-க்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இதைக் கண்டுபிடித்த விதம் மிக எளிமையானது. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குடுவைகள், ஒன்றில் பனிக்கட்டி, மற்றதில் அதே நிறையுள்ள பனிக்குளிர் நீர். இரண்டையும் ஒரே அறையில் தொங்கவிட்டார். நீர் ஏழு பாரன்ஹீட் டிகிரி சூடாக அரை மணி நேரம் ஆனது. பனிக்கட்டி உருகி அதே வெப்பநிலைக்கு வந்துசேரப் பத்தரை மணி நேரம் ஆனது. அறை இரண்டுக்கும் ஒரே வேகத்தில்தான் வெப்பம் கொடுத்திருக்கும். அப்படியானால் கூடுதலாகப் போன பத்து மணி நேர வெப்பம் எங்கே போனது? உருகுவதற்கே போய்விட்டது.

80 என்ற எண் அதைத்தான் சொல்கிறது. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க ஆகும் வெப்பத்தை, உருகி வந்த அந்த ஒரு கிராம் நீருக்கே மறுபடி கொடுத்தால், அது 0-லிருந்து 80 °C-க்கு ஏறிவிடும். இதைத் திருப்பிப் போட்டால், 80 °C-ல் சுடச்சுட இருக்கும் ஒரு கிராம் நீரை 0 °C-ல் இருக்கும் ஒரு கிராம் பனிக்கட்டியோடு சேர்த்தால் கடைசியில் கிடைப்பது இரண்டு கிராம் நீர், 0 °C-ல். சூடெல்லாம் உருக்குவதிலேயே தீர்ந்துபோகும். பனிக்கட்டி வரும் கணக்குகளில் உருகும் படிதான் பெரும்பாலும் பெரிய செலவு. மற்றவை எல்லாம் சில்லறை.

சரி, கணக்குக்கு வருவோம். எல்லாம் கிராமில் இருப்பதால் ஏற்புத்திறன்களையும் கிராமுக்கு மாற்றிக்கொண்டேன்: நீர் 4.2, பனிக்கட்டி 2.1, தாமிரம் 0.4, உள்ளுறை வெப்பம் 336. ஒரு கெல்வின் வித்தியாசமும் ஒரு செல்சியஸ் டிகிரி வித்தியாசமும் ஒன்றேதான், எனவே அங்கே மாற்ற எதுவும் இல்லை.

பெரும்பாலோர் இங்கே நேராக "இழந்த வெப்பம் = பெற்ற வெப்பம்" என்று ஒரு நீளமான சமன்பாட்டை எழுதி விடுகிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. முதலில் கையிருப்பு எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பேன். சூடான பக்கம் 0 °C வரைக்கும் குளிர்ந்தால் மொத்தம் எவ்வளவு வெப்பம் கொடுக்க முடியும்?

நீர்: 200 × 4.2 × 30 = 25,200 ஜூல்
தாமிரம்: 100 × 0.4 × 30 = 1,200 ஜூல்
மொத்தக் கையிருப்பு: 26,400 ஜூல்

0 °C-ல் ஏன் நிறுத்துகிறேன் என்றால், பனிக்கட்டி உருகுவதும் நீர் உறைவதும் அங்கேதான். அந்தக் கோட்டைத் தாண்டினால் கதையே வேறு. கையில் உள்ளதை அந்தக் கோடு வரைக்கும் எண்ணிவிட்டுப் பிறகு செலவைப் பார்க்கலாம்.

செலவை ஒவ்வொரு படியாகக் கழித்துக்கொண்டு போகிறேன். முதல் படி, −10 °C-ல் இருக்கும் பனிக்கட்டியை 0 °C-க்குக் கொண்டுவர வேண்டும். அது இன்னும் பனிக்கட்டிதான், எனவே 2.1-ஐப் போட வேண்டும், 4.2-ஐ அல்ல.

50 × 2.1 × 10 = 1,050 ஜூல்
மிச்சம்: 26,400 − 1,050 = 25,350 ஜூல்

இரண்டாம் படி, உருக்குவது.

50 × 336 = 16,800 ஜூல்
மிச்சம்: 25,350 − 16,800 = 8,550 ஜூல்

இவ்வளவு பெரிய செலவுக்குப் பிறகும் கையில் 8,550 ஜூல் நிற்கிறது. அதாவது பனிக்கட்டி முழுவதும் உருகிவிட்டது, இன்னும் வெப்பம் மிச்சமிருக்கிறது. இப்போது மனக்கண்ணில் பாத்திரத்தைப் பார்த்தால், 250 கிராம் நீர், 100 கிராம் தாமிரம், எல்லாமே 0 °C-ல். மிச்சமிருக்கும் 8,550 ஜூல் இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சூடாக்கும். ஒரு டிகிரி ஏற்ற எவ்வளவு வேண்டும்? நீருக்கு 250 × 4.2 = 1,050. தாமிரத்துக்கு 40. மொத்தம் 1,090 ஜூல்.

8,550 ÷ 1,090 = 7.84

இறுதி வெப்பநிலை ஏறக்குறைய 7.8 °C.

நீரும் தாமிரமும் உண்மையில் 0 °C-க்குப் போய்விட்டு மீண்டும் ஏறுவதில்லை என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். உண்மைதான், அது எண்ணுவதற்காக நாம் வைத்துக்கொண்ட பாதை. எந்த வழியாகப் போனாலும் தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால் மொத்த வெப்பக் கணக்கு மாறாது. நம்பிக்கை இல்லையென்றால் நேரடியாகவே சரிபார்க்கலாம். 30-லிருந்து 7.84-க்கு இறங்கிய நீரும் தாமிரமும் இழந்தது: (840 + 40) × 22.16, கிட்டத்தட்ட 19,500 ஜூல். பனிக்கட்டிப் பக்கம் பெற்றது: 1,050, பிறகு 16,800, அதன்பின் உருகிய 50 கிராம் நீர் 7.84 வரை ஏற 210 × 7.84, அதாவது சுமார் 1,650. கூட்டினால் 19,500. ஒத்துப்போகிறது.

கலோரிமீட்டரை மறந்துவிடுவது சகஜமான தவறு. அதை விட்டுவிட்டால் விடை சரியாக 7.0 °C என்று முழு எண்ணாக அழகாக வரும், பார்ப்பதற்குச் சரி போலவே இருக்கும்.

இவ்வளவையும் எழுதிப் படமெடுத்து அனுப்பிவிட்டு, அவளுடைய மைனஸ் பதினெட்டு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். கழித்தல் குறியை விட்டுவிட்டாளா? 2.1-க்குப் பதில் 4.2 போட்டாளா? தாமிரத்தை மறந்தாளா? எதைச் செய்தாலும் 6-க்கும் 10-க்கும் நடுவில்தான் எங்கோ வருகிறதே தவிர −18 வரவே மாட்டேன் என்கிறது.

அதற்குள் பதில் வந்தது. "சார், பின்னாடி விடை 0 °C-ன்னு போட்டிருக்கு. நீங்க ஏன் 50 கிராம் போட்டீங்க? 150 சார்."

படத்தை மறுபடி பார்த்தேன். கட்டைவிரலின் நிழல் சரியாக அந்த 50-க்கு முன்னால் விழுந்திருந்தது. நிழலுக்குள் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு.

கழித்தல் குறியையும் அடுக்கையும் மீட்டெடுத்த இயற்பியல் இங்கே உதவவில்லை. 50 கிராம் பனிக்கட்டியும் நடக்கக்கூடியதுதான், 150 கிராமும் நடக்கக்கூடியதுதான். நடக்கவே முடியாத எண்ணை மட்டும்தான் அது காட்டிக்கொடுக்கும். நடக்கக்கூடிய தவறான எண்ணுக்கு ஒரே மருந்து, புத்தகத்தை வைத்திருப்பவரிடம் கேட்பது. நான் கேட்கவில்லை. "என் தப்புமா" என்று எழுதிவிட்டு, 150-ஐப் போட்டுத் திரும்ப ஆரம்பித்தேன்.

கையிருப்பு அதேதான், 26,400 ஜூல். சூடான பக்கத்தில் எதுவும் மாறவில்லை. முதல் படிக்கு இப்போது மூன்று மடங்கு செலவு:

150 × 2.1 × 10 = 3,150 ஜூல்
மிச்சம்: 26,400 − 3,150 = 23,250 ஜூல்

இரண்டாம் படிக்கு, முழுவதையும் உருக்க வேண்டியது:

150 × 336 = 50,400 ஜூல்

கையில் 23,250. கேட்பது 50,400. கட்டுப்படியாகாது. இங்கேயே கதை முடிந்துவிட்டது: பனிக்கட்டி முழுவதும் உருகாது. கையில் இருப்பதற்கு எவ்வளவு உருகுமோ அவ்வளவுதான் உருகும்.

23,250 ÷ 336 = 69.2 கிராம்

69.2 கிராம் உருகிய தருணத்தில் நீரும் தாமிரமும் 0 °C-க்கு வந்துவிட்டன, பனிக்கட்டியும் 0 °C-ல் இருக்கிறது. வெப்பநிலை வித்தியாசம் இல்லாதபோது வெப்பம் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போகாது. பாத்திரத்தில் 269.2 கிராம் நீர், மேலே மிதக்கும் 80.8 கிராம் பனிக்கட்டி, எல்லாம் 0 °C. இங்கே "0 °C" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது பாதி விடை என்பது என் கருத்து. எவ்வளவு உருகியது, எவ்வளவு மிஞ்சியது என்று சொன்னால்தான் பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும்.

"அப்போ என் சமன்பாடு ஏன் தப்பு சார்? இழந்தது சமம் பெற்றதுதானே எழுதினேன்?" என்று கேட்டு, இந்த முறை கணக்குத் தாளையும் அனுப்பினாள். அதில் இருந்தது:

880 × (30 − T) = 3,150 + 50,400 + 630 × T

880 என்பது நீரும் தாமிரமும் சேர்ந்த ஏற்புத்திறன், 840-ம் 40-ம். 630 என்பது 150 × 4.2. பெருக்கலிலோ கூட்டலிலோ பிழை இல்லை. தீர்த்தால் 1,510 × T = −27,150, ஆக T = −17.98. கணிதம் பழுதில்லாமல் நடந்திருக்கிறது.

தவறு வலது பக்கத்தில், அவள் எழுதாமல் எழுதிய ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. 50,400 என்று எழுதிய அந்தக் கணத்தில் "பனிக்கட்டி முழுவதும் உருகிவிட்டது" என்று முடிவு கட்டிவிட்டாள். 630 × T என்று எழுதியபோது "உருகி வந்த நீர் T வரைக்கும் சூடானது" என்றும் சொல்லிவிட்டாள். அதைச் சரிபார்க்கவே இல்லை. சமன்பாட்டுக்கு உருகுவதும் தெரியாது, உறைவதும் தெரியாது. நாம் என்ன முடிவை அதில் எழுதி வைத்தோமோ அதற்குப் பொருந்தும் T-யைத் தேடிக் கொடுக்கும், அந்த T உலகத்தில் இல்லாததாக இருந்தாலும் சரி. 50 கிராமுக்கு இதே சமன்பாடு 7.84 என்று சரியான விடையையே தந்திருக்கும். அங்கே முடிவு உண்மையாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

−18 என்ற விடை தன்னைத் தானே இரண்டு விதத்தில் காட்டிக்கொடுக்கிறது. ஒன்று, எல்லாம் உருகிவிட்டது என்று சொல்லும் சமன்பாடு 0-க்குக் கீழே வெப்பநிலையைத் தருகிறது. உருகிய நீர் −18 °C-ல் நீராகவே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது இன்னும் பலமானது. கலந்தவற்றில் ஒன்று 30 °C, மற்றது −10 °C. இரண்டையும் கலந்தால் முடிவு இவை இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் இருக்க வேண்டும். −18 இரண்டையும்விடக் குளிர்ந்தது. வெளியிலிருந்து யாரும் குளிரூட்டாமல் அது எப்படி நடக்கும்? எந்தக் கலவைக் கணக்குக்கும் இந்தச் சோதனை ஐந்து வினாடிகூட எடுக்காது.

ஒன்றைக் கவனித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்தத் தவறான விடைக்குள் சரியான விடை ஒளிந்திருக்கிறது. சமன்பாட்டில் வந்த −27,150 என்ன? முழுவதையும் உருக்கத் தேவையான 53,550 ஜூலுக்கு நம் கையிருப்பான 26,400 போதாமல் விழுந்த துண்டு. அந்த 27,150-ஐ 336-ஆல் வகுத்தால் 80.8 வருகிறது. உருகாமல் மிஞ்சிய பனிக்கட்டியின் நிறை! வெப்பம் எவ்வளவு போதவில்லையோ அந்த அளவுக்குப் பனிக்கட்டி உருகாமல் நிற்கிறது. எனவே இப்படிக் கழித்தல் விடை வந்தால் தாளைக் கிழித்துப்போட வேண்டியதில்லை. துண்டு விழுந்த வெப்பத்தை 336-ஆல் வகுத்து, அது தொடக்கத்தில் இருந்த பனிக்கட்டியைவிடக் குறைவாக இருந்தால், மிஞ்சியது அதுதான், வெப்பநிலை 0 °C.

இவை எல்லாம் தாளில். ஆய்வகத்தில் செய்து பார்ப்பவர்களுக்கு வேறொரு தொல்லை காத்திருக்கிறது. அங்கே பொதுவாக 0 °C-ல் இருக்கும் பனிக்கட்டியைத்தான் எடுப்பார்கள். 50 கிராமை இதே நீரில் போட்டால் முதல் படிச் செலவு இல்லை, கணக்குப்படி 8.8 °C வர வேண்டும். ஆனால் பனிக்கட்டித் துண்டுகளின் மேல் எப்போதும் ஒரு நீர்ப்படலம் ஒட்டியிருக்கும். மை ஒற்றும் தாளால் துடைக்காமல் போட்டால், நீங்கள் 50 கிராம் என்று எண்ணியதில் 5 கிராம் ஏற்கெனவே உருகிய நீராக இருக்கலாம். அந்த 5 கிராமை உருக்க வேண்டியதில்லை என்பதால் 5 × 336 = 1,680 ஜூல் செலவாகாமல் மிஞ்சும். வெப்பமானி 8.8-க்குப் பதில் 10.3-க்கு அருகில் நிற்கும். அந்த அளவீட்டை வைத்து உள்ளுறை வெப்பத்தைக் கணக்கிட்டால் 336-க்குப் பதில் 302 கிடைக்கும். அறையிலிருந்து பாத்திரத்துக்குள் கசியும் வெப்பமும் விடையை இதே திசையில்தான் தள்ளும். உங்கள் ஆய்வக விடை 336-க்குக் கீழே வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈரத்தைத்தான். கசிவைக் குறைக்க ஒரு பழைய வழி உண்டு. அறை வெப்பநிலையைவிடச் சில டிகிரி சூடான நீரில் தொடங்கி, ஏறக்குறைய அதே அளவு அறைக்குக் கீழே முடியும்படி பனிக்கட்டியின் நிறையைத் தேர்ந்தெடுத்தால், முதல் பாதியில் வெளியே போனதும் பிற்பாதியில் உள்ளே வந்ததும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும்.

அவளுடைய அடுத்த கேள்விதான் என்னை அன்று தூங்கவிடவில்லை. "அப்போ எத்தனை கிராம் வரைக்கும் முழுசா உருகும் சார்?"

கணக்கு எளிது. −10 °C-ல் இருக்கும் ஒரு கிராம் பனிக்கட்டியை 0-க்குக் கொண்டுவர 21 ஜூல், உருக்க 336, மொத்தம் 357 ஜூல். கையிருப்பு 26,400. வகுத்தால் 73.9. ஏறக்குறைய 74 கிராம் போட்டால் கடைசித் துளிப் பனிக்கட்டி உருகும் அதே நேரத்தில் கையிருப்பும் தீர்ந்துவிடும். அதற்குக் குறைவாகப் போட்டால் 0-க்கு மேலே ஏதோ ஒரு வெப்பநிலை, அதிகமாகப் போட்டால் 0 °C-ல் பனிக்கட்டி மிதக்கும்.

அதிகமாக என்றால் எவ்வளவு அதிகமாக? இங்கேதான் என் ஊகம் பொய்த்தது. நூறு, இருநூறு கிராம் கூட்டினால் 0-க்குக் கீழே இறங்கிவிடும் என்று நினைத்தேன். கணக்குப் போட்டேன். பனிக்கட்டியை 0 °C-க்குக் கொண்டுவருவதற்கே கையிருப்பு முழுவதும் தீர வேண்டுமென்றால், 26,400-ஐ 21-ஆல் வகுக்க, 1,257 கிராம். அப்போதும் வெப்பநிலை 0தான், ஒரு கிராம்கூட உருகியிருக்காது. அதையும் தாண்டிப் போட்டால் பாத்திரத்தில் இருக்கும் நீரே உறையத் தொடங்கும். உறையும்போது நீர் ஒவ்வொரு கிராமுக்கும் அந்த 336 ஜூலைத் திருப்பிக் கொடுக்கும், உருகும்போது வாங்கியதை அப்படியே. 200 கிராம் நீரும் உறைந்தால் 67,200 ஜூல் புதிதாகக் கைக்கு வருகிறது. அதையும் சேர்த்தால் 93,600 ஜூல், 21-ஆல் வகுத்தால் சுமார் 4,457 கிராம்.

74 கிராமிலிருந்து நாலரைக் கிலோ வரைக்கும், எவ்வளவு பனிக்கட்டி போட்டாலும் வெப்பமானி 0 °C-ஐ விட்டு அசையாது. தொடக்கத்தில் உருகும், நடுவில் எதுவும் நடக்காது, பிறகு நீர் உறையும், ஆனால் வெப்பமானிக்கு எதுவும் தெரியாது. நாலரைக் கிலோ அந்தச் சின்னக் கலோரிமீட்டருக்குள் கொள்ளாது என்பது வேறு விஷயம்.

இதை எழுதி அனுப்பியபோது மணி பதினொன்றரை. பதிலுக்கு ஒரு படம் வந்தது. அதே பக்கம், இந்த முறை மேலே இருந்து நேராக, கட்டைவிரல் இல்லாமல். பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "0 °C. உருகியது 69.2 கி, மிச்சம் 80.8 கி."